பத்து ஆர் நிலம் எங்கே போனது?

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ஆட்சிக் கால நொத்தேர் பத்திரங்கள் பல குடும்பங்களில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. பாகப்பிரிவினை, வழக்கு என்று வந்தால் அவற்றைத் தமிழில் படித்தாக வேண்டும். மொழிபெயர்ப்பு கைக்கு வந்ததும் பலரும் அதை மட்டும் படித்து, நடை சரளமாக இருந்தால் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சரளமான நடைக்குள் ஒரு வரி காணாமல் போயிருந்தாலும் தெரியாது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் ஒரே வாசிப்பில் எல்லாப் பிழைகளும் சிக்காது. விட்டுப்போனதற்கு ஒருமுறை, சேர்ந்துகொண்டதற்கு ஒருமுறை, எண்களுக்கு ஒருமுறை என்று தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மூன்று துண்டு நிலத்தை விற்கிறார். சாகும்வரை தானே அதை அனுபவிக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்கிறார்.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வர வேண்டும். பிரெஞ்சின் ஒரு நீண்ட வாக்கியம் தமிழில் மூன்றாக உடையும் என்பதால் வாக்கியங்களை எண்ணிப் பயனில்லை. மூலத்தில் ஒவ்வொரு செய்தியாகப் பென்சிலால் கோடிட்டு, தமிழில் அது இருக்கும் இடத்தைத் தொட்ட பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும். ஒரே மாதிரி தொடங்கும் வரிகள் அடுத்தடுத்து வரும் இடம்தான் ஆபத்தானது. நான்கெல்லை சொல்லும் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஒரே சாயலில் இருக்கும்; கண் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, நடுவில் ஓர் எல்லை விழுந்துவிடும். பிரெஞ்சு அச்சுக்கூடங்களில் இப்படி விடுபடும் பகுதிக்கு ‘பூர்தோன்’ என்றே பெயர். நான்கு திசையும் தமிழில் இருக்கின்றனவா என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

சேர்ந்துகொண்டதைப் பிடிக்க இதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். தமிழில் ஒவ்வொரு தொடராக எடுத்து, இதற்கு மூலத்தில் எது ஆதாரம் என்று தேட வேண்டும். பிரெஞ்சிலிருந்தே தொடங்குகிறவர் அங்கே இருப்பதை மட்டும்தான் தேடுவார். அதிகப்படியாக வந்தது அவர் கண்ணில் படாது. தமிழ்ப் பத்திரம் எழுதிப் பழகிய கை, ‘இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று தன்னையறியாமல் எழுதிவிடும். நம் மாதிரியில் அந்த ஒரு வரி பத்திரத்தையே தலைகீழாக்குகிறது. விற்றவர் இறந்த பிறகுதான் வாங்கியவருக்கு அனுபவம் என்கிறது மூலம். அந்த ‘தான்’ என்ற பொருளை பிரெஞ்சில் ‘ந’ என்ற சொல்லும் சற்றுத் தள்ளி வரும் ‘க’ என்ற சொல்லும் சேர்ந்து தருகின்றன. முதல் சொல்லை மட்டும் பார்த்தவர் ‘வாங்கியவருக்கு அனுபவம் இல்லை’ என்று எதிர்மறையாக்கிவிடுவார். ‘ந’ வரும் இடமெல்லாம் அதன் துணைச்சொல் எது என்று பார்த்தே தீர வேண்டும்.

எண்களுக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் தமிழில் டிக் அடிக்கலாம். பத்திரங்களில் எண்களை எழுத்தால் எழுதுவார்கள். பிரெஞ்சில் 70க்கும் 90க்கும் தனிப் பெயர் இல்லை. 71 என்பது ‘சுவாசாந்த் ஏ ஓன்ஸ்’, அதாவது அறுபதும் பதினொன்றும். 92 என்பது ‘கத்ர் வேன் தூஸ்’, நாலிருபதும் பன்னிரண்டும். நம் பத்திரத்தில் முதல் துண்டு 92 ஆர் 15 சென்டியார், இரண்டாவது 71 ஆர் 40, மூன்றாவது 1 ஹெக்டேர் 6 ஆர் 5. மொத்தம் 2 ஹெக்டேர் 69 ஆர் 60 என்று மூலமே சொல்கிறது. 100 சென்டியார் ஒரு ஆர், 100 ஆர் ஒரு ஹெக்டேர். மொழிபெயர்ப்பில் உள்ள துண்டுகளைக் கூட்டினால் 59 ஆர் என்றுதான் வருகிறது. இரண்டாவது துண்டு 61 என்று எழுதப்பட்டிருந்தது. காணாமல் போன பத்து ஆர் அங்கேதான் இருக்கிறது. கூட்டிப் பார்க்க இடமிருந்தால் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

விலையில் எண் சரியாக இருந்தும் பொருள் தவறலாம். 1,200 ரூபாய், ‘தோன்’ 400 ரொக்கமாகப் பெறப்பட்டது என்று மூலத்தில் இருந்தால், அந்த 400 அந்த 1,200க்குள் அடக்கம், பாக்கி 800. ‘மேலும் 400’ என்று தமிழில் வந்துவிட்டால் விலை 1,600 ஆகிவிடும். இலக்கத்தில் எழுதிய எண்களில் காற்புள்ளியைக் கவனிக்க வேண்டும்: பிரெஞ்சில் அது தசமப் புள்ளி. 1,250 என்பது அங்கே ஒன்றேகால். ஆயிரத்து இருநூற்றைம்பதை இடைவெளி விட்டு 1 250 என்று எழுதுவார்கள்.

சில சமயம் மூலத்திலேயே கூட்டல் தப்பாக இருக்கும். அதைத் திருத்தி எழுதும் உரிமை மொழிபெயர்ப்பவருக்கும் இல்லை, சரிபார்ப்பவருக்கும் இல்லை. உள்ளபடியே எழுதி, மூலத்தில் இப்படியே உள்ளது என்று அடிக்குறிப்புப் போட வேண்டும். மை அழிந்து படிக்க முடியாத எண்ணுக்கும் ஊகம் வேண்டாம். படிக்க இயலவில்லை என்றே குறித்துவிடலாம்.