தாண்டுமுன் ஒரு மூச்சு

நீளம் தாண்டுதலுக்கு உங்கள் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள். நெஞ்சு படபடக்கிறதா? அட்ரினலின் சுரந்து உடல் பாய்ச்சலுக்குத் தயாராகிறது, அவ்வளவே. மிஞ்சினால்தான் தொல்லை, ஓட்டத்தில் அடி தவறி, கால் பலகையைத் தாண்டிவிடும்.

நாடியில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் துடிப்பு சற்று விரையும். விடுகையில் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்தும். ஆகவே 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். சில முறை போதும். வேகமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றும், விரல்நுனி மரத்துப்போகும்.

அடுத்தது குறிக்கோள். 'முதல் பரிசு' எதிராளியையும் பொறுத்தது. 'கடைசி 4 அடிகளில் பலகையைக் குனிந்து பார்க்கமாட்டேன்' என்பதோ முழுக்க உங்கள் கையில். இரண்டையும் பயிற்சியிலேயே பழகுங்கள். போட்டியன்று புதிதாகத் தொடங்கினால், எண்ணுவதே இன்னொரு பதற்றமாகிவிடும்.