குட்டிக்கரணத்தில் தலைக்கு வேலை இல்லை

பிறப்புச் சான்றிதழ் கேட்காத காலத்தில், பள்ளியில் சேர்க்க வரும் குழந்தையிடம் தலைமையாசிரியர் ஒன்றுதான் சொல்வார்: "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு." தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வரவேண்டும். சிறு குழந்தைக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கை குட்டை. வளர வளரத்தான் கை நீண்டு தலையைத் தாண்டும்.

இந்தக் கணக்கு குட்டிக்கரணத்துக்கும் பொருந்தும். பெரியவர் ஒருவர் குனிந்து இரு கைகளையும் தரையில் ஊன்றினால், தலைக்கும் தரைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அந்த இடைவெளி மிகக் குறைவு. முழங்கை கொஞ்சம் மடிந்தாலே உச்சந்தலை தரையில் முட்டிவிடும். பின்னாலிருந்து வரும் உடம்பின் எடை முழுவதும் அப்போது கழுத்தில் இறங்கும். "குழந்தைங்க தானாவே கத்துக்கும்" என்று விட்டுவிட்டால் பலரும் கற்றுக்கொள்வது இந்த உச்சந்தலைக் கரணத்தைத்தான்.

சரியான கரணத்தில் எடையைத் தாங்குவது கைகள். அவற்றிலிருந்து அது நேராகத் தோள்பட்டையின் பின்பக்கத்துக்கு மாறி, முதுகு, இடுப்பு, பாதம் என்று உருண்டு போகும். பின்தலை மெத்தையை லேசாக உரசினால் உண்டு. உச்சந்தலை படவே கூடாது. இதைக் கற்றுக்கொடுக்க அனுபவமுள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் கரணத்தில் தொடங்குவதில்லை, அதன் கடைசிப் பகுதியில் தொடங்குகிறார்கள்.

மூன்றாம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முப்பது பிள்ளைகள், தேங்காய்நார் அடைத்த நான்கு மெத்தைகள். முதல் நாள் யாரும் தலைகீழாகப் போவதில்லை. மெத்தையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து முன்னும் பின்னும் தொட்டில்போல ஆட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மடித்த கைக்குட்டை ஒன்று. "கைக்குட்டை கீழே விழாம பத்து தடவை ஆடணும்" என்பதுதான் விளையாட்டு. கைக்குட்டை விழுந்தால் தாடை நிமிர்ந்துவிட்டது என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். காதும் உதவும். வளைந்த முதுகு சத்தமில்லாமல் உருளும். தட்டையான முதுகு 'தொப்' என்று விழும்.

தொட்டில் பழகியதும், ஆடிவரும் வேகத்திலேயே எழுந்து நிற்கச் சொல்வார்கள். குதிகால் இடுப்பை ஒட்டியிருக்க வேண்டும், கைகள் முன்னால் நீள வேண்டும். தரையில் கை ஊன்றி எழுந்தால் கணக்கில் சேராது. கரணத்தின் பின்பாதி இப்படியே தனியாகக் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது கைகளுக்கான பயிற்சி. முயல் தாவலும் கரடி நடையும் போதும். உள்ளங்கை முழுவதும் படிந்து, விரல்கள் விரிந்து முன்னோக்கி இருக்க வேண்டும். முயல் தாவலில் இடுப்பு தோளுக்கு மேல் எழும்போது முழங்கை மடியாமல் நிற்கிறதா என்று பார்ப்பார் ஆசிரியர். மடிந்தால் அந்தப் பிள்ளை இன்னும் சில நாள் முயலாகவே இருக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் கரணம், அதுவும் சரிவில். ஒரு மெத்தையை மடித்து அடியில் வைத்து, அதன்மேல் இன்னொன்றை விரித்தால் குறைந்த உயரத்தில் ஒரு சரிவு கிடைக்கும். அடியில் உள்ளது நகராமல் இருக்கிறதா என்று ஆசிரியர் முதலில் ஏறிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை மேட்டில் குந்தி, கைகளைத் தோள் அகலத்தில் சரிவில் ஊன்றும். "இடுப்பைத் தூக்கு, தொப்புளைப் பாரு" என்ற இரண்டு சொல் மட்டும். தொப்புளைப் பார்க்கும் குழந்தையின் தாடை தானாக நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலேயே இடுப்பு தோளைவிட உயரத்தில் இருப்பதால் காலை அதிகம் உதைக்க வேண்டியதில்லை. மீதியைச் சரிவு செய்துவிடும். சரிவில் நன்றாக வந்த பிறகு சமதரை.

ஆசிரியர் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையைப் பின்தலையில் வைத்துத் தலை உள்ளே மடங்க வழிகாட்டுவார். மற்றக் கை தொடையின் பின்புறத்தைத் தாங்கி இடுப்பை உயர்த்தும். கழுத்தை அழுத்துவதும் காலைப் பிடித்துத் தள்ளிவிடுவதும் பெரும் தவறு. கைகள் எடையை ஏற்குமுன் உடம்பைத் தள்ளினால் அது தலையில்தான் இறங்கும்.

பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டால், ஒரு கை முன்னதாக மடிகிறது அல்லது கைகள் சமமாக ஊன்றப்படவில்லை என்று பொருள். முதுகு 'தொப்' என்று விழுந்தால், பாதியில் உடம்பை விரித்துவிட்டது. எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டால், குதிகால் இடுப்பைவிட்டு விலகிவிட்டது. இந்தத் தவறுகளுக்கு மருந்து முந்தைய படியில் இருக்கிறது. முயலுக்கோ தொட்டிலுக்கோ திரும்பிப் போனால் சரியாகிவிடும்.

எல்லாப் பிள்ளைகளையும் இதில் சேர்த்துவிட முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டு தளர்வாக இருக்கும்; மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களைக் கரணம் போட விடக்கூடாது. கரணம் போட்ட எந்தப் பிள்ளையாவது கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றால் தூக்கி உட்காரவைக்க வேண்டாம். படுத்தபடியே அசையாமல் இருக்கச் செய்து 108-ஐ அழைக்க வேண்டும்.

கார்ட்வீலுக்கு எப்போது போகலாம்? உச்சந்தலை படாமல், கோணாமல், கை ஊன்றாமல் எழுந்து மூன்று கரணம் தொடர்ந்து போடும் பிள்ளை தயார். முப்பது பேரும் ஒரே நாளில் தயாராக மாட்டார்கள். இரண்டு மெத்தையில் கரணமும் இரண்டு மெத்தையில் அடுத்த பாடமும் நடக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கரணத்தில் கை மடிய வேண்டும், பார்வை தொப்புளில் இருக்க வேண்டும். கார்ட்வீலில் கை கம்பிபோல நிமிர்ந்திருக்க வேண்டும், பார்வை கைகளுக்கு நடுவே தரையில் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பாதியில் தலையை உள்ளே இழுக்கும் பிள்ளை கோணி விழும். அதனால் முதலில் மெத்தையின் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டு, ஒரு கைக்குப் பின் மறு கையை அதன் அப்பால் ஊன்றி, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வாகக் கடத்தச் சொல்வார்கள். 'கை, கை, கால், கால்' என்று வகுப்பே தாளம் போடும். தாளம் பிடிபட்ட பிறகு கால்கள் மெல்ல மெல்ல உயரும். இதற்கு மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும். புதையும் மெத்தையில் மணிக்கட்டு மடங்கிவிடும்.

கரணம் இங்கே வேறு விதத்தில் கைகொடுக்கிறது. பக்கவாட்டில் சுழலும்போது முழங்கை தளர்ந்துவிட்டால், தொட்டிலில் பழகிய பிள்ளை தாடையை ஒட்டி, தோளில் இறங்கி உருண்டுவிடும். அது பழகாத பிள்ளை விறைத்தபடி விழும்.

பள்ளியில் கற்றதை வீட்டில் காட்ட பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் கட்டிலைத்தான். இலவம்பஞ்சு மெத்தையில் கை புதைந்து தலைதான் முதலில் படும், விளிம்பும் பக்கத்திலேயே இருக்கும். செய்துகாட்ட ஆசைப்பட்டால், தரையில் கம்பளி விரித்துத் தொட்டில் ஆடிக் காட்டச் சொல்லுங்கள்.