ப்ரோப் என்ன விலை?

குழந்தைகள் வார்டின் மர அலமாரியைத் திறந்தபோது உள்ளே ஏழு பல்ஸ் ஆக்சிமீட்டர்கள் அடுக்கியிருந்தன. கையில் பிடிக்கும் அளவுக் கருவிகள். மேல் பளபளப்புகூடப் போகவில்லை. ஒன்றை எடுத்து பட்டனை அழுத்தினேன். திரை எரிந்தது.

"மெஷின் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. ப்ரோப்தான் இல்ல" என்றார் சிஸ்டர். விரலில் மாட்டும் கவ்விக்குத்தான் ப்ரோப் என்று பெயர். எட்டாவது கருவி ஒரு குழந்தையின் கட்டில் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ப்ரோப்பில், வயர் கவ்விக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் பிளாஸ்திரி நாலு சுற்று சுற்றியிருந்தது. "கொஞ்சம் அசைஞ்சா நம்பர் போயிடும். அம்மாவைத்தான் கையைப் பிடிச்சுக்கச் சொல்லியிருக்கேன்."

புது ப்ரோப் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் சொன்ன விலை, கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நிதி ஒதுக்கீடு இல்லை என்று கோப்பு திரும்பிவிட்டது. பயோமெடிக்கல் பிரிவில் இருந்த ஆண்டுகளில் இதே அலமாரியை வேறு வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். ப்ரோப் ஒடிந்தது வார்டில். ஆனால் தவறு நடந்தது அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், டெண்டருக்காக யாரோ தட்டச்சு செய்த இரண்டு பக்கத் தொழில்நுட்பக் குறிப்பில்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த வழி இது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறிப் பாய்கின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பை அதிகம் விடும், அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நேர் எதிர். மறுபக்கம் வந்து சேரும் ஒளியில், நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிக்கும் இடையே ஒரு விகிதத்தைக் கருவி கணக்கிடுகிறது.

அந்த விகிதம் மட்டும் நமக்கு எதையும் சொல்லாது. "இந்த விகிதம் வந்தால் 97, இந்த விகிதம் வந்தால் 85" என்று கருவிக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, செறிவைப் படிப்படியாக 70 சதவீதம் வரை இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியில் அளந்து தயாரித்த அட்டவணை அது. திரையில் நாம் பார்ப்பது அந்த அட்டவணையிலிருந்து எடுத்த எண். எனவே வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் கருவியை யார் உடம்பில் சரிபார்த்தீர்கள்?" என்பதுதான்.

பெரும்பாலான டெண்டர்களில் இந்த இடத்தில் "துல்லியம்: ±2%" என்று ஒரே வரி இருக்கும். எல்லா நிறுவனமும் அதே வரியைத் தன் விளம்பரத்தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடும். சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 80601-2-61 இதைச் சற்று ஒழுங்காகக் கேட்கிறது. 70 முதல் 100 சதவீதம் வரையுள்ள எல்லையில், கருவியின் எண்ணுக்கும் தமனி ரத்தத்தின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசங்களைத் திரட்டி, அவற்றின் வர்க்க சராசரி மூலம் 4-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த அளவு 3 என்று இருக்கும் கருவியில், மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள்தான் உண்மைக்கு 3 புள்ளி முன்பின்னாக விழும். மீதி அதற்கும் வெளியே போகலாம். திரையில் 92 என்றால், உண்மை 87 ஆக இருப்பதும் நடக்கக்கூடியதே.

தோல் நிறமும் இங்கே குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில் எத்தனை முறை தமனி ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது என்று பார்த்தார்கள். வெள்ளையருக்கு 3.6 சதவீதம். கறுப்பினத்தவருக்கு 11.7 சதவீதம். கறுத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது, அதுவும் ஆக்சிஜன் குறையக் குறையக் கூடுதலாக. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013 வழிகாட்டுதல் குறைந்தது பத்து பேரிடம் சோதித்தால் போதும் என்றது. அதில் இரண்டு பேராவது, அல்லது 15 சதவீதம் பேராவது கறுத்த தோலினராக இருக்க வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வந்த வரைவு, எண்ணிக்கையைக் குறைந்தது 150 ஆக உயர்த்தச் சொன்னது.

நம்மூர் மாவட்ட மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் இது எவ்வளவு நமக்கான விஷயம் என்று தெரியும். ஆகவே குறிப்பில் இப்படி எழுத வேண்டும் என்பேன்: மனிதர்களிடம் நடத்திய சோதனையின் முழு அறிக்கையை இணைக்க வேண்டும்; எத்தனை பேர், அதில் கறுத்த தோலினர் எத்தனை பேர், அவர்களுக்கு மட்டும் பிழை எவ்வளவு என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்; சோதனையில் பயன்படுத்திய ப்ரோப்பும் நமக்குத் தரும் ப்ரோப்பும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் கட்டாயம்தான். ஆனால் உரிமத்தின் நகல் இந்த அறிக்கைக்கு மாற்று ஆகாது.

சிலர் அறிக்கைக்குப் பதிலாக சிமுலேட்டர் சோதனைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சிமுலேட்டர் என்பது செயற்கை விரல். 90 என்று வைத்தால் கருவி 90 என்று காட்டும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் செயற்கை விரலில் முதலில் எந்த நிறுவனத்தின் அட்டவணை என்று தேர்ந்தெடுத்துத்தான் சோதிக்க வேண்டும். நிறுவனத்தின் அட்டவணையை அதே நிறுவனத்தின் கருவிக்குத் திருப்பிக் காட்டுகிறோம். அட்டவணையே தவறு என்றால் இரண்டும் ஒன்றாகத் தவறும். பெட்டி வந்து இறங்கியதும் பழுது இருக்கிறதா, ப்ரோப் தேய்ந்ததா என்று பார்க்க சிமுலேட்டர் அருமையான சாதனம். துல்லியத்துக்கு அது சாட்சி ஆகாது.

காகிதத்தில் தேறிய நிறுவனங்களிடம் மாதிரிக் கருவி வாங்கி வார்டில் வைத்துப் பார்ப்பது அடுத்த படி. குளிர்சாதன அறையில் கமிட்டி மேஜை மேல் வைத்துப் பார்த்தால் எல்லாக் கருவியும் 99 காட்டும். சிஸ்டர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நான் நம்புகிற சோதனை மிக எளியது. விரலில் ப்ரோப்பை மாட்டி, அதே கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, நாடி நிற்கும் வரை காற்றடிக்க வேண்டும். விரலுக்கு ரத்தம் வராதபோது நல்ல கருவி அரை நிமிடத்துக்குள் எண்ணை அழித்துக் கோடு போட்டு, நாடி கிடைக்கவில்லை என்று சொல்லும். பழைய 98-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கும் கருவியை அங்கேயே நிராகரித்துவிடலாம். பேனாவில் மாட்டினாலும் எண் காட்டிய கருவிகளின் வீடியோக்கள் கொரோனா காலத்தில் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் குறையின் இன்னொரு முகம்தான் இது.

பிறகு அலாரம். கீழ் எல்லையை 85-க்கு இறக்கி வைத்துவிட்டு அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். எல்லை பழைய பாதுகாப்பான எண்ணுக்குத் திரும்பாமல் 85-லேயே நின்றால், அடுத்த ஷிப்டில் வேறு நோயாளிக்கு மாட்டும்போது அலாரம் தாமதமாகத்தான் அடிக்கும். பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு மேல் எல்லை அலாரமும் வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் மிகுந்தால் விழித்திரை கெடும். 95-ஐத் தாண்டியதும் கருவி கூப்பிட வேண்டும். விரலில் செருகும் சின்னப் பெட்டிகள் இங்கே உதவாது. பச்சிளங்குழந்தையின் பாதத்தில் சுற்றும் பட்டை வடிவ ப்ரோப்தான் பொருந்தும் என்பதையும் குறிப்பில் தனி வரியாக எழுத வேண்டும்.

மறுபடி அந்த அலமாரிக்கு வருவோம். விலைக் கவரைப் பிரிக்கும்போது நடப்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் என் கற்பனை, கணக்கு உண்மை. முதல் நிறுவனம் கருவி 12,000 ரூபாய் என்கிறது, இரண்டாவது 18,000. கருவி விலை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் எல்-1. ஆனால் முதலாவதின் ப்ரோப் 3,500 ரூபாய், இரண்டாவதின் ப்ரோப் 1,200. வார்டில் ஒரு ப்ரோப் ஒரு வருடம் உழைக்கும் என்று வைத்தால், ஐந்து வருடத்தில் கருவியோடு வந்தது போக நான்கு வாங்க வேண்டும். முதலாவது 26,000 ஆகிறது, இரண்டாவது 22,800. நாற்பது கருவி என்றால் 10,40,000 ரூபாய்க்கு எதிராக 9,12,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒரு ப்ரோப் போனால், குழந்தைகள் வார்டில் அது சாதாரணம், வித்தியாசம் இன்னும் விரியும்: ஒரு கருவிக்கு 43,500, எதிரே 28,800.

வெளிக் கடையில் கிடைக்கும் மலிவு ப்ரோப்பை மாட்டிக்கொள்ளலாமே என்று ஸ்டோரில் கேட்பார்கள். ஒன்பது ஊசி கொண்ட அந்தச் செருகி பல கம்பெனிகளுக்கும் ஒரே வடிவம்தான். உள்ளே வயர் இணைப்பு வேறு வேறு. மாட்டினால் பொருந்தும், எண்ணும் வரலாம். அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. துல்லியம் என்பது கருவியும் ப்ரோப்பும் சேர்ந்த ஜோடிக்குத்தான் நிரூபிக்கப்படுகிறது.

ஆகவே ப்ரோப்பின் விலையை விலைக் கவரிலேயே கேட்டு, ஐந்து வருடத்துக்கு மாறாது என்று எழுதி வாங்கி, அதையும் கூட்டிய மொத்தத்தை வைத்தே எல்-1 யார் என்று தீர்மானிக்க வேண்டும். பெரியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை என்று மூன்று வகைக்கும் தனித்தனி விலை வேண்டும். இதைக் கவர் பிரித்த பிறகு யோசித்துப் பயனில்லை. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட முடியும். எழுதாததைக் கேட்க உரிமை இல்லை.

கொள்முதல் கமிட்டியில் உட்காரும் மருத்துவர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். குறிப்பில் கையெழுத்துப் போடும் முன், குழந்தைகள் வார்டு சிஸ்டர் ஒருவரைக் கூப்பிட்டு, போன வருடம் எத்தனை ப்ரோப் ஒடிந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை அந்த இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்.