வெள்ளிக்கிழமை வருவேன் என்றாள்

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லத் தமிழில் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். சொன்னதை அப்படியே வைத்து, பின்னால் ‘என்று’ சேர்த்தால் போதும். “வெள்ளிக்கிழமை வருவேன் என்று சொன்னாள்.” அவள் சொன்னது நேற்றாக இருக்கலாம், பத்து வருடத்துக்கு முன்பாகவும் இருக்கலாம். ‘வருவேன்’ அசையாது.

ஸ்பானிஷ் மொழியில் அது அசையும். ‘என்று’ செய்யும் வேலையை அங்கே ‘கே’ என்ற சின்னச் சொல் செய்கிறது. ஆனால் அது வாக்கியத்தின் நடுவில் நிற்கும். ‘தீஹோ கே’, அதாவது ‘சொன்னாள்’ என்று இறந்த காலத்தில் தொடங்கிவிட்டால், அதற்குப் பின் வரும் வினை அந்தச் சொன்ன நேரத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பொருத்துவது என்பதற்கு அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கராகஸில் பிறந்து சிலேயில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பெல்யோ 1847இல் வெளியிட்ட இலக்கண நூலில், காலங்களுக்கு அவற்றின் வேலையைச் சொல்லும் பெயர்களையே வைத்தார். இறந்த காலத்தில் ஒரு புள்ளியை நட்டுக்கொள்ளுங்கள். அதோடு கூடவே நடப்பதற்கு ‘கோப்ரெத்தேரித்தோ’, அதற்குப் பின் நடக்கவிருப்பதற்கு ‘போஸ்ப்ரெத்தேரித்தோ’, அதற்கு முன்பே முடிந்துபோனதற்கு ‘ஆந்தேகோப்ரெத்தேரித்தோ’. மெக்சிகோவில் இந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அந்தப் புள்ளி எது? ‘தீஹோ’தான்.

ஒரு தொலைபேசிப் பேச்சை எடுத்துக்கொள்வோம். திங்கள்கிழமை தோழி அழைத்து “யெகரே எல் பியெர்னெஸ்” என்கிறாள். வெள்ளிக்கிழமை வந்து சேருவேன் என்று பொருள். அன்று மாலையே வீட்டில் இதைச் சொல்லும் மத்ரித்வாசி, ‘தீஹோ’வுக்குப் பதில் ‘ஆ திச்சோ’ என்பார். இன்னும் முடியாத ஒரு நாளுக்குள் சொல்லப்பட்ட பேச்சு என்பதால், எதிர்காலம் எதிர்காலமாகவே நிற்கலாம்: “ஆ திச்சோ கே யெகரா எல் பியெர்னெஸ்.” ‘சேருவேன்’ என்பது ‘சேருவாள்’ ஆனதைத் தவிர வேறு மாற்றமில்லை.

புதன்கிழமை சொன்னால் இரண்டு வழி இருக்கிறது. ‘தீஹோ கே யெகரா’ என்றால், அவள் வருகை இப்போது பேசுபவருக்கும் இனிமேல் நடக்கவிருப்பது. ‘தீஹோ கே யெகரியா’ என்றால், அவள் அப்படிச் சொன்னாள் என்பது மட்டும்தான் செய்தி. சனிக்கிழமை ஆகிவிட்டால் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. வெள்ளிக்கிழமை கடந்துவிட்டதால் ‘யெகரியா’ ஒன்றுதான் மிச்சம். அவள் வந்தாளா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது. தமிழரின் நாக்கு தடுமாறுவது இங்கேதான். ‘வருவேன்’ மாறாத பழக்கத்தில் சனிக்கிழமையும் ‘யெகரா’ என்றால், கேட்பவர் அடுத்த வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்.

‘யெகரே’, ‘யெகரியா’ இரண்டையும் பிரித்துப் பார்த்தால் உள்ளேயே விளக்கம் கிடைக்கிறது. ‘யெகர்’ என்றால் வந்து சேர்தல். ‘யெகரே’யின் வாலில் இருப்பது ‘உடையேன்’ என்று பொருள்பட்ட ‘ஏ’. ‘யெகரியா’வின் வாலில் இருப்பது அதே வினையின் இறந்த கால வடிவமான ‘அபியா’வின் தேய்ந்த மிச்சம். பேச்சு லத்தீனில் தனித்தனியாக நின்ற சொற்கள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டன. ‘சேர இருக்கிறேன்’, ‘சேர இருந்தேன்’ என்ற வேறுபாடு போலத்தான். எதிர்காலத்தின் வால் மட்டும் இறந்த காலத்துக்குப் போயிருக்கிறது.

நிகழ்காலத்திலும் இதே கதைதான். “கர்ப்பமாக இருக்கிறேன்” என்று ஒரு பெண் போன வாரம் சொன்னாள். ‘தீஹோ கே எஸ்தா எம்பரசாதா’ என்றால் இப்போதும் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. ‘தீஹோ கே எஸ்தாபா எம்பரசாதா’ இன்றைய நிலை பற்றி வாய் திறப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட செய்தியை ‘எஸ்தா’ போட்டுச் சொன்னால் யாரும் திகைப்பார்கள். சொல்பவருக்கே அவள் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றாலும் ‘எஸ்தாபா’தான் பாதுகாப்பு.

முடிந்துபோன செயலில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. ‘வந்து சேர்ந்தேன்’ என்று சொன்னதை ‘அபியா யெகாதோ’ என்று ஒரு படி பின்னுக்குத் தள்ளுவதே முறை. எது முன், எது பின் என்பது தெளிவாக இருந்தால் வெறும் ‘யெகோ’வும் போதும், பேச்சில் அது சகஜம்.

கட்டளைதான் மிகவும் கவனம் கேட்பது. ஸ்பானிஷில் சொல்வதற்கும் ஏவுவதற்கும் ‘தீஹோ’ ஒன்றே. பிரித்துக் காட்டுவது பின்னால் வரும் வினை. ‘மே தீஹோ கே பெனியா’ என்றால் தான் வருவதாக என்னிடம் சொன்னாள். ‘மே தீஹோ கே பினியேரா’ என்றால் என்னை வரச் சொன்னாள். ‘வருவதாக’, ‘வர’ என்று தமிழ் பிரிக்கும் அதே இடத்தில், ஸ்பானிஷ் ஏவலை இறந்த கால விருப்ப வடிவமாக மாற்றிப் பிரிக்கிறது. முதலாவதைக் கேட்டவர் வீட்டில் காத்திருப்பார்; இரண்டாவதைக் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.