ஒரே சொல்லில் ஓர் எதிர்காலம்

'எழுதிக்கொண்டிருப்பேன்' என்று சொல்ல ரஷ்ய மொழிக்கு எப்போதும் இரண்டு சொற்கள் வேண்டும்: 'பூது பிசாத்'. உக்ரைனியத்திலும் 'பூது பிசாத்தி' உண்டு. ஆனால் அதே பொருளை ஒரே சொல்லில் 'பிசாத்திமு' என்றும் சொல்லலாம். நம் 'எழுதுவேன்' போல, யார் செய்வது என்பதும் விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. நானென்றால் 'மு', அவளென்றால் 'மே', அவர்களென்றால் 'முத்'. 'எடு' என்ற பொருளுள்ள பழைய வினையொன்று காலப்போக்கில் தேய்ந்து ஒட்டிக்கொண்டதே இந்த விகுதி.

'நாளை அவள் கடிதம் எழுதுவாள்' என்பது உக்ரைனியத்தில் 'ஸாவ்த்ரா வோனா பிசாத்திமே லிஸ்தா'. ரஷ்ய மொழிக்கு மாற்றும்போது 'பிசாத்திமே'யைப் பிரித்து 'பூதெத் பிசாத்' என்று எழுத வேண்டும். விகுதியிலுள்ள 'அவள்' துணைவினைக்கு இடம்பெயர்கிறது.

எதிர்த்திசையில்தான் சிக்கல். 'பூது'வை அப்படியே விட்டாலும் இலக்கணப் பிழையில்லை. அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒற்றைச்சொல் வடிவம் ஓரிடத்தில்கூட இல்லாத நீண்ட உக்ரைனியக் கட்டுரையைப் படித்தால் ரஷ்ய மூலத்தின் வாடை அடிக்கும். அழகான ஒரு வடிவம் வீணாகிறதே என்றும் தோன்றும்.

அதற்காகக் கண்ணில் படும் 'பூது'வையெல்லாம் மாற்றிவிடவும் கூடாது. 'வீட்டில் இருப்பேன்' என்னும் 'பூது வ்தோமா'வில் அதுவே முதன்மை வினை. ஒட்டுவதற்கு வேறு வினையே இல்லை. 'எழுதி முடிப்பேன்' என்பது இரு மொழியிலும் 'நபிஷு'தான். முற்றுப்பெறும் செயலைக் குறிக்கும் இத்தகைய வினையோடு 'மு' சேராது. 'நபிசாத்திமு' என்று எங்காவது கண்டால், அது பிழை.