இருப்பில் ஒளிந்திருந்த நஷ்டம்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஜவுளிக்கடை. அன்று மார்ச் 31, இருப்பு எடுக்கும் நாள். பி.காம். முடித்த மகள் ஒவ்வொரு தட்டாக அளந்து சொல்ல, அப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சட்டைத்துணி அலமாரியின் அடித்தட்டில் ஒரு மூட்டை கட்பீஸ் கிடந்தது. முக்கால் மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று மடிப்பு மடிப்பாக.

"இத என்ன வெலைக்குங்கப்பா எழுதறது?"

"வாங்குன வெலைதான் கண்ணு. மீட்டர் 200."

"200 ரூவாய்க்கு இத யாருங்கப்பா வாங்குவாங்க?"

அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஆண்டுக் கடைசி இருப்பை எவ்வளவு கூட்டி எழுதுகிறோமோ, அவ்வளவு லாபம் ஏட்டில் கூடும். வாங்கிய விலை, இன்று விற்றால் கையில் வரும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும் என்பது கணக்கு முறை. பல கடைகளில் பழக்கதோஷத்தால் வாங்கிய விலையே ஏறுகிறது. விற்காத துணி வருடா வருடம் முழு விலையில் பேரேட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கடையிலும் அதுதான் நடந்தது. எல்லாத் துணியும் 'ஜவுளி விற்பனை' என்ற ஒரே தலைப்பில் வந்ததால், எந்தத் துணி பணத்தைத் தின்கிறது என்று தெரியவே இல்லை.

அப்பாவுக்கு ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தானில் செருகிய சீட்டில், வாங்கிய மாதத்தையும் ஒவ்வொரு முறை வெட்டிய அளவையும் பென்சிலால் குறித்துவைப்பார். மகளுக்கு அந்தச் சீட்டுகளே போதுமானதாக இருந்தன. தீர்ந்துபோன ஒரு தானின் சீட்டையும் அதற்கான பில்களையும் எடுத்து உட்கார்ந்தாள்.

20 மீட்டர் தான், மீட்டர் 200 வீதம் 4,000 ரூபாய். விற்பனை விலை 270. "முப்பத்தஞ்சு சதவீதம் நிக்குது" என்பது அப்பாவின் கணக்கு. ஒரு முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர். முதல் ஏழு சட்டைகள் முழு விலைக்குப் போயிருந்தன; வந்தது 3,024. பிறகு யாரும் அந்த நிறத்தைத் தொடவில்லை. ஆடித் தள்ளுபடியில் 30 சதவீதம் குறைத்து மூன்று சட்டைகளுக்குக் கொடுத்ததில் 907. ஒவ்வொரு வெட்டுக்கும் கைதாராளமாக விட்ட இரண்டு விரல் துணி, பத்து வெட்டில் 30 சென்டிமீட்டரைக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய 3.70 மீட்டர் கட்பீஸாக மீட்டர் 100 ரூபாய்க்குப் போனது. ஆக மொத்தம் 4,301 ரூபாய்.

1,400 நிற்கும் என்று நினைத்த இடத்தில் நின்றது 301. தான் தீர 14 மாதம் ஆகியிருந்தது. சராசரியாகப் பாதி முதல் முடங்கியது என்று வைத்தாலும், 12 சதவீத ஓவர்டிராஃப்ட் வட்டி 280. கையில் 21 ரூபாய். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் அந்தக் கடையில் நூறு ரூபாய் விற்பனைக்குப் பத்து ரூபாய் ஆகும். அதில் 430 கழிய, நானூறு ரூபாய்க்கு மேல் நஷ்டம்.

அடுத்து, அப்பா "கூலிகூடக் கட்டாது" என்று சொல்லும் துண்டு. 4,000 ரூபாய்க்கு ஈரோட்டில் எடுத்த 40 துண்டுகள், தலா 118க்கு மூன்றே வாரத்தில் தீர்ந்திருந்தன. 720 லாபத்தில் வட்டி 14, கடைச் செலவு 472 போக 234 நின்றது. அதே பணம் மறுபடி செவ்வாய்ச் சந்தைக்குப் போய்ச் சரக்காகத் திரும்பியது. சதவீதத்தைப் பார்த்த அப்பாவின் கண்ணில் நாள் படவில்லை.

"அப்ப சட்டைத்துணியையே நிறுத்திறலாமா?" என்றார் அப்பா.

அவள் அவசரப்படவில்லை, இந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணை நான் மெச்சுகிறேன். சட்டைத்துணியை எடுத்துவிட்டால் வாடகை குறையாது. அந்தத் தட்டில் வேறொன்று ஓடினால்தான் லாபம். தவிர, தனியாக நஷ்டம் தரும் துணி வேறொன்றை விற்றுத் தரலாம். பிளவுஸ் பிட்டிலும் மிச்சத்துண்டு விழுந்தது. ஆனால் பில் புத்தகத்தைப் புரட்டினால், பிட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதே பில்லில் சேலையும் எடுத்திருந்தார்கள். அதை அவள் தொடவில்லை. சட்டைத்துணி பில்களிலோ பெரும்பாலும் சட்டைத்துணி மட்டுமே இருந்தது.

வெள்ளை, சந்தனம், வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்ற தான்களை வெட்டாமலே கழித்துவிட்டு, இரண்டு தட்டுகளில் துண்டும் நைட்டியும் அடுக்கினார்கள். கட்பீஸை மீட்டர் 100 என்று எழுதியதில் அந்த ஆண்டு ஏட்டு லாபம் குறைந்தது. அப்பா ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலை நோட்டை மகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தானிலும் வாங்கிய மாதத்தையும் வெட்டிய அளவையும் எழுதிவையுங்கள். வரும் மார்ச் 31 அன்று, ஒரு வருடம் தாண்டிய துணியைத் தனியாக எடுத்துவைத்து, இன்று என்ன விலைக்குப் போகுமோ அந்த விலையை எழுதுங்கள்.