இறப்புச் சீட்டு (டாரட்)

இறப்புச் சீட்டு என்பது டாரட் சீட்டுக் கட்டில் 13 ஆம் எண்ணைத் தாங்கி வரும் சீட்டு ஆகும். டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 22 சீட்டுகள் பெருஞ்சீட்டுகள் என்றும், எஞ்சிய 56 சீட்டுகள் சிறுசீட்டுகள் என்றும் பகுக்கப்படுகின்றன. இறப்புச் சீட்டு பெருஞ்சீட்டுகளுள் ஒன்று. காதல், திருமணம் போன்ற உறவுகள் குறித்துப் பலன் பார்க்கும்போது இச்சீட்டு வந்தால் பலர் அஞ்சுவதுண்டு. ஆயினும் இன்றைய டாரட் வழக்கில் இது ஒருவரது உயிரிழப்பைக் குறிப்பதாகக் கொள்ளப்படுவதில்லை. உறவின் ஒரு கட்டம் முடிந்து வேறொரு கட்டம் தொடங்குவதையே இது சுட்டுவதாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

டாரட் 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டு விளையாட்டாகத் தோன்றியது. அக்காலத்து விசுகொந்தி-சுபோர்சா கட்டில் இறப்பு, வில்லேந்திய எலும்புக்கூடாக வரையப்பட்டுள்ளது. பிற்கால மர்செய் கட்டுகளில் அது அரிவாளால் நிலத்தை அறுக்கும் எலும்புக்கூடாக மாறியது. இக்கட்டுகள் பலவற்றில் மற்றப் பெருஞ்சீட்டுகளுக்குப் பெயர் எழுதப்பட்டிருக்க, இச்சீட்டில் மட்டும் பெயர் எழுதப்படாமல் விடப்பட்டுள்ளது.

பலன் கூறும் வழக்கம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பரவியது. இன்று பரவலாகப் பயன்படும் கட்டு 1909 இல் இலண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்டு வெயிட் இதனைத் திட்டமிட, பமீலா கோல்மன் சுமித் ஓவியங்களை வரைந்தார். வெயிட் தமது விளக்க நூலில் இச்சீட்டுக்கு முடிவு, அழிவு ஆகிய பொருள்களைத் தருவதோடு, மணமாகாத பெண்ணுக்கு இது வந்தால் திருமண முயற்சி கைகூடாது என்றும் குறிப்பிடுகிறார். எனவே இச்சீட்டைப் பற்றிய அச்சம் வெறும் அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. பழைய பலன் நூல்களிலும் அதற்கு இடம் இருந்தது. அதே காலத்தில், வெயிட்டும் சுமித்தும் உறுப்பினராக இருந்த கோல்டன் டான் என்னும் மறைஞானக் குழு, இதனை முதன்மையாக ஒருவர் விரும்பித் தேடாத மாற்றம் எனக் கொண்டது. உயிரிழப்பு என்ற பொருளை, உடன் வரும் சீட்டுகள் வலியுறுத்தினால் மட்டுமே அக்குழு ஏற்றது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த நூலாசிரியர்கள் மாற்றம் என்ற பொருளையே நிலைநிறுத்தினர்.

படத்தின் பொருள்

1909 ஆம் ஆண்டுக் கட்டில், கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையின் மேல் வருகிறது. அதன் கையில் வெண்ணிற ரோசா பொறித்த கறுப்புக் கொடி உள்ளது. குதிரையின் முன் நால்வர் காணப்படுகின்றனர். அரசன் வீழ்ந்து கிடக்கிறான். சமயகுரு கைகூப்பி நிற்கிறார். இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் அஞ்சாமல் ஏறிட்டுப் பார்க்கிறது. பின்னணியில் ஆறும், அடிவானத்தில் இரு கோபுரங்களுக்கு இடையே கதிரவனும் உள்ளன.

உறவு குறித்த பலனில் இந்நால்வரும் மாற்றத்தை எதிர்கொள்ளும் நான்கு வகையினராகக் கொள்ளப்படுவர். தன் நிலை மாறவே கூடாது என்பவர் அரசன். வேண்டிக்கொண்டால் தள்ளிப்போகும் என்று நம்புபவர் சமயகுரு. தெரிந்தும் பாராதிருப்பவர் இளம்பெண். வருவதை அப்படியே பார்ப்பது குழந்தை. இந்நால்வருள் தாம் யார் என்று வினவுபவரையே கேட்பது ஒரு பயனுள்ள முறையாகும். அவர் தரும் விடை, சீட்டைக் காட்டிலும் உறவின் நிலையைத் தெளிவாகக் காட்டிவிடும்.

உறவு விரிப்பில் பொருள் கொள்ளும் முறை

தமிழ்நாட்டின் கிளி சோதிடத்தில் கிளி எடுத்த சீட்டின் படத்தைக் கொண்டு பலன் கூறப்படுகிறது. டாரட்டில் பல சீட்டுகள் ஓர் ஒழுங்கில் பரப்பப்பட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி வகுக்கப்படுகிறது. இவ்வொழுங்கு விரிப்பு எனப்படும். ஆகவே சீட்டு எது என்பதோடு, அது விழுந்த இடமும் பொருளைத் தீர்மானிக்கிறது.

எளிய உறவு விரிப்பு ஒன்றில் ஐந்து இடங்கள் உள்ளன. அவை வினவுபவர், துணைவர், உறவின் கடந்த காலம், நிகழ்நிலை, செல்திசை என்பன. இறப்புச் சீட்டு மூன்றாம் இடத்தில் விழுந்தால், முடிவு ஏற்கெனவே நடந்து முடிந்தது என்று பொருள். இரண்டாம் இடத்தில் விழுந்தால், துணைவர் தம்முள் மாறிக்கொண்டிருக்கிறார் என்று பொருளே தவிர, அவர் இறப்பார் என்பதன்று. சீட்டு தலைகீழாக வந்தால், முடிய வேண்டியது முடியாமல் தேங்கி நிற்பதாகக் கொள்வர்.

எடுத்துக்காட்டு

பள்ளி நாள் முதல் நண்பர்களாக இருந்து மணம் செய்துகொண்ட இருவரைக் கொள்வோம். கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துள்ளது. மனைவி பலன் கேட்கிறார். முதலிடத்தில் காசைக் கட்டிப்பிடித்திருக்கும் மனிதனைக் காட்டும் நாணயம் நான்கு, இரண்டாமிடத்தில் அடுக்கிய கிண்ணங்களை விட்டு ஒருவன் நடந்து செல்லும் கிண்ணம் எட்டு, மூன்றாமிடத்தில் சிறுவர்களைக் காட்டும் கிண்ணம் ஆறு, நான்காமிடத்தில் இறப்பு, ஐந்தாமிடத்தில் இரு குவளைகளுக்கிடையே நீரை மாற்றும் தேவதையைக் காட்டும் சமநிலைச் சீட்டு ஆகியன விழுகின்றன.

இங்கு முடிவது எது என்பதற்கு விடை மூன்றாமிடத்தில் உள்ளது. சிறுவயது நட்பின் தொடர்ச்சியாக, எந்நேரமும் அருகிலேயே இருந்த வாழ்க்கை முறை முடிகிறது. மனைவி அதனைப் பற்றி நிற்கிறார். கணவர் அதிலிருந்து நடந்துவிட்டார். சமநிலைச் சீட்டின் எண் 14. கட்டின் வரிசையில் இறப்பை அடுத்து வருவது அதுவே. பழைய ஏற்பாட்டைக் காப்பாற்ற முயலாமல், புதிய ஏற்பாட்டை அளந்து அமைக்க வேண்டும் என்பது பலன். ஐந்தாமிடத்தில் இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கும் வாள் மூன்று வந்திருந்தால், பிரிவும் துயரமும் பேசப்பட்டிருக்கும். மாற்றம் என்பது எப்போதும் இனிய சொல்லன்று. வினவுபவரை மகிழ்விக்க வேண்டிப் பிரிவின் சாத்தியத்தை மறைப்பதும் தவறான வாசிப்பே ஆகும்.

வரம்புகள்

ஐந்து சீட்டு விரிப்பில் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட சீட்டு வருவதற்கான வாய்ப்பு 78 இல் 5, அதாவது ஏறத்தாழ பதினாறில் ஒன்று. வாரம் ஒருமுறை பலன் பார்ப்பவருக்கு இறப்புச் சீட்டு ஆண்டில் சராசரியாக மூன்று முறை வரும். அது உயிரிழப்பின் அறிகுறியாயின், பலன் பார்ப்போர் எவரும் உற்றாரை இழந்தபடியே இருக்க நேரும். இக்கணக்கு ஒன்றே அச்சத்தைப் போக்கப் போதுமானது.

குலுக்கிய சீட்டுகள் எதிர்காலத்தை அறியும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. பொதுவான கூற்றுகளைத் தமக்கே உரியவையாக மக்கள் ஏற்கும் இயல்பை அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் போரர் 1949 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். டாரட் பலன்கள் பொருந்துவதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இச்சீட்டை உறவு பற்றிச் சிந்திக்க உதவும் ஒரு கேள்வியாகக் கொள்ளலாமே ஒழிய, முடிவெடுக்கும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. இச்சீட்டைக் காட்டித் துணைவரின் உயிருக்கு ஆபத்து என்று கூறிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பது, டாரட் மரபுக்கே புறம்பான ஏமாற்று வேலை ஆகும்.